ரிப்போர்ட் அடித்த பிறகு

யூடியூபில் ஒரு வீடியோ மனதை உறுத்தினால் செய்யக்கூடியது எளிது. கீழேயுள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் கொடிச் சின்னத்தோடு ‘Report’ என்று வரும். அதை அழுத்தினால் காரணப் பட்டியல் விரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் புகாருக்கு நன்றி சொல்லி ஒரு வரி வரும். அவ்வளவுதான். நாள்கள் கழித்துப் போய்ப் பார்த்தால் வீடியோ இருந்த இடத்திலேயே இருக்கும், அல்லது காணாமல் போயிருக்கும். இருந்தால் ஏன் இருக்கிறது, போனால் நம் புகாரால்தான் போனதா என்று யாரும் நமக்கு எழுதிச் சொல்வதில்லை.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள ஒரு வீடியோவைக் கற்பனை செய்துகொள்வோம். இந்த ரக வீடியோக்கள் தமிழில் நிறையவே உண்டு. நீளம் 22 நிமிடம். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் பேசுகிறார். முதல் 13 நிமிடம் சாப்பாடு, தூக்கம், நடை என்று யாரும் மறுக்க முடியாத விஷயங்கள். 14-வது நிமிடத்தில் பேச்சு திரும்புகிறது. புற்றுநோய்க்குக் ‘கரண்ட் வைப்பது’ உடம்பைக் கெடுத்துவிடும், அதை நிறுத்திவிட்டுத் தன்னுடைய லேகியத்தை 48 நாள் சாப்பிட்டால் கட்டி கரைந்துவிடும் என்கிறார். கரண்ட் வைப்பது என்று நம் ஊரில் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை. கடைசியில் லேகியம் வாங்க ஒரு போன் நம்பர் வருகிறது. இதைப் பார்த்துவிட்டு ஒரு பெண், தன் மாமியாருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை நடந்துகொண்டிருப்பதால் பதறிப்போய் ரிப்போர்ட் அடிக்கிறார்.

பட்டியலில் பாலியல் காட்சி, வன்முறை, வெறுப்புப் பேச்சு, துன்புறுத்தல், ஆபத்தான செயல், குழந்தைகள் மீதான கொடுமை, தீவிரவாதம், ஏமாற்று என்று வரிசையாக இருக்கின்றன. ‘Misinformation’ என்ற தவறான தகவலும் ஒன்று. அவர் அதைத் தேர்கிறார். காரணம் கேட்பது வெறும் சடங்கு இல்லை. வீடியோவை எந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதற்கான முதல் குறிப்பு அதுதான். அடுத்து, கட்டாயமில்லாத ஒரு பெட்டி வரும். எத்தனையாவது நிமிடம், என்ன பிரச்சினை என்று அதில் எழுதலாம். பெரும்பாலோர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். நம் உதாரணத்தில் அந்தப் பெட்டிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கக்கூடும். பரிசீலிப்பவர் முதல் சில நிமிடங்களைப் பார்த்துவிட்டு மற்றதை ஓட்டிவிட்டால் கீரையும் நடைப்பயிற்சியும்தான் கண்ணில் படும். ‘14:10-ல் கதிர்வீச்சு சிகிச்சையை நிறுத்தச் சொல்கிறார், 21-வது நிமிடத்தில் மருந்து விற்கிறார்’ என்று ஒரு வரி இருந்தால், நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம்.

புகார் போனதும் வீடியோ தானாக இறங்கிவிடாது. பலரும் தவறாக எண்ணிக்கொண்டிருப்பது இதைத்தான். ஒருவர் அடித்தாலும் பத்தாயிரம் பேர் அடித்தாலும், எண்ணிக்கை மட்டும் எந்த வீடியோவையும் நீக்காது என்பது யூடியூபின் அறிவிக்கப்பட்ட நிலை. ஒரு நடிகரின் ரசிகர்களோ ஒரு கட்சிக்காரர்களோ ‘எல்லோரும் ரிப்போர்ட் அடிங்க’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் கிளம்பும்போது, அதனால் உறுதியாக நடப்பது அந்த வீடியோ பரிசீலனைக்கு உள்ளாவது மட்டும்தான். விதி மீறப்படவில்லை என்றால் அது அப்படியே இருக்கும். இது நல்ல ஏற்பாடு. இல்லாவிட்டால் யாருக்குக் கூட்டம் அதிகமோ அவர்கள் வைத்ததே சட்டமாகிவிடும்.

பரிசீலனை 24 மணி நேரமும், வாரத்தின் எல்லா நாளும் நடக்கிறது. ஆனால் இத்தனை நாளுக்குள் பார்த்துவிடுவோம் என்ற வாக்குறுதி எதுவும் இந்தப் பொத்தானுக்குக் கிடையாது. எதை முதலில் பார்ப்பது என்பதில் முன்பின் உண்டு. அரசு அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் போன்றவற்றின் புகார்களுக்கு முன்னுரிமை தரும் திட்டம் ஒன்றை யூடியூப் 2012-ல் தொடங்கியது. அவர்கள் புகார் முதலில் பார்க்கப்படும். ஆனால் அளக்கும் கோல் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அந்தக் கோல் எது? சமூக வழிகாட்டு நெறிகள் என்று யூடியூப் எழுதிவைத்திருக்கும் விதிகள். பரிசீலிப்பவர் ‘இது பொய்யா’ என்று பொதுவாகக் கேட்டுக்கொள்வதில்லை. ‘இது எங்கள் விதிகளில் எதையாவது மீறுகிறதா’ என்றுதான் பார்ப்பார். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. வெந்தயம் சர்க்கரைக்கு நல்லது என்று மிகைப்படுத்திச் சொல்வது தவறாக இருக்கலாம், விதிமீறலாக இருக்காது. நம் லேகியக்காரர் விஷயம் வேறு. 2023 ஆகஸ்டில் யூடியூப் தன் மருத்துவ விதிகளை ஒழுங்குபடுத்தியபோது புற்றுநோயைத் தனியாக எடுத்துப் பேசியது. கெடுதல் அல்லது பயனில்லை என்று நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகளைப் பரிந்துரைக்கும் வீடியோக்களும், மருத்துவரிடம் போகாதே என்று தடுக்கும் வீடியோக்களும் நீக்கப்படும் என்றது. பூண்டு புற்றுநோயைக் குணமாக்கும் என்பதும், கதிர்வீச்சுக்குப் பதிலாக வைட்டமின் சி எடுத்துக்கொள்ளுங்கள் என்பதும் அது காட்டிய உதாரணங்கள். லேகியம் அந்த இரண்டாவது உதாரணத்துக்கு அண்ணன் தம்பி. ஆகவே அந்தப் பெண்ணின் புகார் விதிக்கு உட்பட்டதே.

அப்படியும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். அதே வார்த்தைகள் வேறொரு வீடியோவிலும் வரலாம். புற்றுநோய் மருத்துவர் ஒருவர் லேகியக்காரர் பேசியதை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ‘இதை நம்பி என்னிடம் தாமதமாக வந்தவர்கள் உண்டு’ என்று விளக்கலாம். கல்வி, ஆவணம், அறிவியல், கலை ஆகிய நோக்கங்களுக்காக வரும் இத்தகைய வீடியோக்களுக்கு விதியில் விலக்கு உண்டு. வார்த்தைகளை மட்டும் பிடிக்கும் இயந்திரம் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கக்கூடும். சூழலைப் புரிந்து பிரிக்க மனிதர் வேண்டும், அதுவும் மொழி தெரிந்தவராக. ‘கரண்ட் வைக்கிறதை விட்டுடுங்க’ என்பதன் பொருள் ‘மின்சாரம்’ என்று அகராதி பார்த்தால் பிடிபடாது. புகார்ப் பெட்டியில் விளக்கம் எழுதுவது இன்னும் முக்கியமாவது இதனால்தான்.

மனிதர்கள் விலகி இயந்திரங்கள் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று நம் காலத்திலேயே இருக்கிறது. 2020-ல் கொரோனாவால் பரிசீலகர்கள் அலுவலகம் வர முடியாமல் போனபோது யூடியூப் இயந்திரங்களையே பெரிதும் நம்பியது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் சுமார் 1 கோடியே 14 லட்சம் வீடியோக்கள் நீக்கப்பட்டன. மேல்முறையீடு செய்தவர்களில் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடியோக்கள் பிறகு திரும்ப ஏற்றப்பட்டன. அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் திரும்பி வந்தவை சுமார் 41 ஆயிரம்தான்.

பரிசீலனை முடிந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும். மீறல் இல்லை என்று விட்டுவிடலாம். நீக்கலாம். அல்லது இடைப்பட்ட நிலையாக வயது வரம்பு போடலாம். அப்போது 18 வயது ஆனவர்கள் தங்கள் கணக்கில் நுழைந்த பிறகுதான் பார்க்க முடியும். நீக்கினால் வீடியோ போட்டவருக்கு மின்னஞ்சல் போகும். எந்த வீடியோ, எந்த விதி, அடுத்து என்ன செய்யலாம் என்று அதில் இருக்கும். முதல் தடவை என்றால் வழக்கமாக எச்சரிக்கை. அடுத்தது ‘ஸ்ட்ரைக்’. முதல் ஸ்ட்ரைக்குக்கு ஒரு வாரம் எதையும் பதிவேற்ற முடியாது. 90 நாளுக்குள் இன்னொன்று வந்தால் இரண்டு வாரம். அதே 90 நாளுக்குள் மூன்றாவதும் வந்தால் சேனலே போய்விடும். முடிவு தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய அவருக்குப் பொத்தான் இருக்கிறது.

யார் புகார் செய்தார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. கொடிச் சின்னத்தை அழுத்தியவரின் பெயரை யூடியூப் வெளியிடுவதில்லை. சொந்த ஊர்க்காரரின், உறவினரின் வீடியோவைப் பற்றிப் புகார் செய்யத் தயங்குகிறவர்கள் இதை உறுதியாக நம்பலாம். காப்புரிமைப் புகாருக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே உரிமை கோருபவரின் பெயர் எதிராளிக்குக் காட்டப்படும்.

வீடியோ போட்டவருக்குக் காரணமும் மேல்முறையீடும் இருக்க, புகார் செய்த பெண்ணுக்கு என்ன இருக்கிறது? மின்னஞ்சல் வராது. ஆனால் ஒரு பக்கம் இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. கணினியில் தன் கணக்கில் நுழைந்து

```
youtube.com/reporthistory
```

என்று தட்டினால், இதுவரை அவர் ரிப்போர்ட் அடித்த வீடியோக்கள் வரிசையாக வரும். 2018 ஏப்ரலில் யூடியூப் இதைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு நிலை எழுதியிருக்கும். ‘Removed’ என்றால் நீக்கப்பட்டது. ‘Restricted’ என்றால் வயது வரம்போ வேறு கட்டுப்பாடோ போடப்பட்டிருக்கிறது. ‘Live’ என்றால் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சிக்கல் இந்த மூன்றாவதில்தான். யூடியூபின் சொந்த விளக்கப்படியே ‘Live’ என்பதற்குள் இரண்டு நிலைகள் அடங்கியிருக்கின்றன. இன்னும் யாரும் பார்க்கவில்லை என்பது ஒன்று. பார்த்தாயிற்று, மீறல் இல்லை என்று முடிவு செய்தாயிற்று என்பது மற்றொன்று. புகார் செய்தவருக்கு இவை இரண்டும் முற்றிலும் வேறு செய்திகள். முன்னது என்றால் காத்திருக்கலாம். பின்னது என்றால் காத்திருப்பதில் பொருளில்லை, வேறு வழி தேட வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடியிருப்பதால், லேகிய வீடியோவுக்கு நேராக ‘Live’ என்று நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்குத் தன் புகார் வரிசையில் நிற்கிறதா, குப்பைக்குப் போய்விட்டதா என்று தெரியாது. முடிவு எடுக்கப்பட்டிருந்தால் அது நிறுவனத்துக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இருப்பதை நியாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அந்தப் பட்டியலை விட வீடியோவின் இணைப்பே சில சமயம் அதிகம் பேசும். புகார் செய்வதற்கு முன்பே இணைப்பை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு திறந்து பார்த்தால் கறுப்புத் திரையில் ஒரு வரி வரும். அந்த வரி எப்போதும் ஒன்றே அல்ல. யூடியூபின் விதியை மீறியதற்காக நீக்கப்பட்டது என்று இருந்தால், பரிசீலனையில் அது தோற்றிருக்கிறது. ‘removed by the uploader’ என்று இருந்தால் போட்டவரே எடுத்துவிட்டார். அதற்கும் புகாருக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ‘This video is private’ என்றால் வீடியோ அழியவில்லை, ஒளித்து வைத்திருக்கிறார்; நாளையே திரும்ப வரலாம். கணக்கே முடக்கப்பட்டது என்று வந்தால் விஷயம் ஒரு வீடியோவோடு நிற்கவில்லை என்று பொருள். காப்புரிமை கோரிக்கையால் நீக்கப்பட்டது என்றால் அது வேறு யாரோ வேறு காரணத்துக்காகச் செய்தது. ஆக, வீடியோ போய்விட்டது என்பதை வைத்து மட்டும் ‘என் புகார் ஜெயித்தது’ என்று சொல்லிவிட முடியாது.

வெளியே தெரியாத இன்னொரு முடிவும் உண்டு. 2019 ஜனவரியில் யூடியூப், விதியின் விளிம்பில் நிற்கும் வீடியோக்களைப் பரிந்துரைப்பதைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. கடுமையான நோய்க்குப் போலி அற்புத மருந்து சொல்லும் வீடியோக்களை அதற்கு முதல் உதாரணமாகக் காட்டியது. அமெரிக்காவில் தொடங்கி மற்ற நாடுகளுக்கும் இதை விரிவுபடுத்தினார்கள். லேகியக்காரர் சற்று சாமர்த்தியசாலியாக இருந்து, சிகிச்சையை நிறுத்து என்று வாய்விட்டுச் சொல்லாமல் ‘நிறுத்தியவர்கள் நன்றாக இருக்கிறார்கள்’ என்று மட்டும் சொன்னால் இந்தப் பிரிவில் விழலாம். அப்போது வீடியோ இருக்கும், தேடினால் கிடைக்கும், ஆனால் தானாக அதிகம் பேரிடம் போய்ச் சேராது. புகார் செய்தவரின் பட்டியலில் இதற்கென்று ஒரு சொல் கிடையாது.

எத்தனை புகார் பலிக்கிறது? யூடியூப் முதன்முதலில் வெளியிட்ட கணக்கு 2017 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலானது. அந்த மூன்று மாதத்தில் மனிதர்கள் கொடி காட்டிய வீடியோக்கள் சுமார் 93 லட்சம். அதிகமாகக் கொடி காட்டிய நாடு இந்தியா. மொத்தமாக நீக்கப்பட்டவை சுமார் 83 லட்சம். ஆனால் அவற்றில் 67 லட்சத்தை முதலில் கண்டுபிடித்தவை இயந்திரங்கள். சாதாரணப் பார்வையாளர் முதலில் சொல்லி நீக்கப்பட்டவை 4 லட்சம்தான். முன்னுரிமை பெற்ற தனிநபர்கள் சொல்லி நீக்கப்பட்டவை 11 லட்சத்துக்கும் மேல். இதிலிருந்து நேரடியாக ஒரு வெற்றி விகிதத்தைக் கணக்குப் போட முடியாது. இயந்திரம் முந்திக்கொண்ட வீடியோவை நாமும் புகார் செய்திருக்கலாம், அது இயந்திரக் கணக்கில் போயிருக்கும். ஆனாலும் ஒன்று தெளிவு. கொடி காட்டப்பட்ட வீடியோக்களில் மிகப் பெரும்பாலானவை நீக்கப்படுவதில்லை. பிடிக்காததால் அடித்த ரிப்போர்ட்டும் காரணத்தைத் தவறாகத் தேர்ந்த ரிப்போர்ட்டும் அந்தக் கூட்டத்தில் ஏராளம். லேகிய வீடியோவைப் போன்ற உண்மையான புகார்கள் அவற்றோடு கலந்துதான் வரிசையில் நிற்கின்றன.

பதில் சொல்லாமைக்கு ஒரு வாதம் உண்டு. ஒவ்வொரு புகாருக்கும் காரணத்தோடு பதில் தந்தால், கூட்டமாகப் புகார் செய்பவர்கள் எந்த வார்த்தை எடுபடும் என்று சோதித்துச் சோதித்துக் கற்றுக்கொள்வார்கள் என்பார்கள். வீடியோ போட்டவருக்கு ஸ்ட்ரைக் விழுந்ததா என்பது அவருடைய சொந்த விஷயம் என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ‘பார்த்தோம், மீறல் இல்லை’ என்று மூன்று சொல் எழுதுவதற்கு இந்த இரண்டு வாதமும் தடையாக நிற்கவில்லை. ஃபேஸ்புக்கில் புகார் செய்தால் என்ன முடிவு என்று அறிவிப்பு வருகிறது, மறுபரிசீலனையும் கேட்கலாம். நீக்காமல் விட்ட பதிவுகளைப் பற்றிப் புகார் செய்தவரே மேற்பார்வை வாரியத்துக்குப் போகும் வழியையும் 2021 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். அங்கே கிடைக்கும் முடிவுகளில் குறை இருக்கலாம். முடிவு இன்னதென்றாவது தெரிகிறது.

இப்போது அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். அவர் அழுத்தியது நிறுவனத்தின் வீட்டு விதிக்கான பொத்தான். அதில் அவர் தகவல் தந்தவர் மட்டுமே. சட்டப்படியான புகார் என்பது வேறு கதவு. அதில் அவர் புகார்தாரர், பதில் பெறும் உரிமை உடையவர். இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கதவு 2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளின் வழியாகத் திறக்கிறது. அந்த விதிகளின்படி சமூக வலைத்தளம் ஒவ்வொன்றும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். விதி வந்தபோது இருந்த காலக்கெடு, 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாக ஒப்புதல், 15 நாளில் தீர்வு என்பது. பின்னால் வந்த திருத்தங்கள் இதை இறுக்கியிருக்கின்றன, தளர்த்தவில்லை. இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் உள்ள பெரிய தளங்களுக்குக் கூடுதலாக ஒரு கடமை உண்டு. புகாருக்கு ஒரு எண் தர வேண்டும், அதை வைத்து நிலையைத் தொடர்ந்து பார்க்க முடிய வேண்டும், நடவடிக்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இயன்றவரை காரணம் சொல்ல வேண்டும். கொடிச் சின்னம் தராத ஒவ்வொன்றையும் இந்த விதி கேட்கிறது.

சட்டக் கதவில் போகும்போது புகாரைச் சட்டத்தின் மொழியில் எழுத வேண்டும். ‘தவறான தகவல்’ என்று மட்டும் எழுதினால் மறுபடியும் அது வீட்டு விதிக்கான மேசைக்கே தள்ளப்படலாம். லேகிய வீடியோவைப் பொறுத்தவரை சட்டம் பழையதும் தெளிவானதும்கூட. 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டம், அட்டவணையில் உள்ள நோய்களைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. புற்றுநோயும் சர்க்கரை நோயும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. வீடியோ முழுக்க அறிவுரையாக இருந்திருந்தால் இதைப் பொருத்துவது கடினம். 21-வது நிமிடத்தில் விற்பனைக்கான போன் நம்பர் வந்தபோது அது விளம்பரமாகிவிட்டது. எனவே அந்தப் பெண்ணின் புகாரில் வீடியோவின் இணைப்பு, 14:10-ல் சொன்ன வார்த்தைகள் அப்படியே, 21-வது நிமிடத்தின் ஸ்கிரீன்ஷாட், சட்டத்தின் பெயரும் ஆண்டும் ஆகியவை இருந்தால் போதும். ஒன்றை மறக்கக் கூடாது. இது பெயர் மறைத்துச் செய்யும் புகார் இல்லை. பெயரும் மின்னஞ்சலும் தர வேண்டும்.

வீடியோவில் இருப்பது நம் முகமோ நம் வீட்டு முகவரியோ என்றால் யூடியூபிலேயே தனியுரிமைப் புகார் என்று இன்னொரு வழி உண்டு. பாதிக்கப்பட்டவரே செய்ய வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் செய்ய முடியாது. அதில் வீடியோ போட்டவருக்கு, அந்தப் பகுதியை வெட்டவோ மங்கலாக்கவோ எடுத்துவிடவோ 48 மணி நேர அவகாசம் தரப்படலாம். குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டும் எதுவாக இருந்தாலும், கொடியை அழுத்துவதோடு நிற்காமல் cybercrime.gov.in தளத்திலோ காவல் நிலையத்திலோ சொல்ல வேண்டும். அந்த வீடியோவைச் சாட்சிக்காகத் தரவிறக்கி வைத்துக்கொள்வதும் மற்றவருக்கு அனுப்புவதும் குற்றம். இணைப்பை மட்டும் கொடுத்தால் போதும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழும் தமிழர்களுக்குக் கதவு இன்னும் அகலம். அங்குள்ள டிஜிட்டல் சேவைகள் சட்டம் யூடியூப் போன்ற மிகப் பெரிய தளங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் பொருந்துகிறது. சட்டவிரோதமான வீடியோ என்று ஒருவர் தன் தொடர்பு விவரத்தோடு அறிவித்தால் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் தர வேண்டும். முடிவையும் சொல்ல வேண்டும். அதை எதிர்க்க என்ன வழி என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். வீடியோவை நீக்க மறுத்தால், புகார் செய்தவர் ஆறு மாதத்துக்குள் தளத்தின் உள்ளேயே மேல்முறையீடு செய்யலாம். நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துவைக்கும் அமைப்புகளையும் அணுகலாம். வீடியோ போட்டவருக்கு மட்டும் இருந்த மேல்முறையீடு அங்கே புகார் செய்தவருக்கும் வந்துவிட்டது.

இந்தியாவிலும் அதற்கு ஈடான ஒரு படி இருக்கிறது. 2022 அக்டோபரில் செய்த திருத்தத்தால் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டு, 2023 மார்ச் முதல் இயங்குகின்றன. குறைதீர்ப்பு அதிகாரியின் பதிலில் திருப்தி இல்லாவிட்டாலும், கெடுவுக்குள் அவர் தீர்க்காவிட்டாலும் gac.gov.in தளத்தில் மேல்முறையீடு செய்யலாம். எல்லாமே இணையவழியில்தான். குழு 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது விதி. கொடியை அழுத்திவிட்டுப் பதில் வரவில்லை என்று நேராக இங்கே போனால் எடுபடாது. முதலில் குறைதீர்ப்பு அதிகாரியிடம் போயிருக்க வேண்டும், அவர் தந்த எண் கையில் இருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கான 30 நாள், அவருடைய பதில் கிடைத்த தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது. அந்த மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழுந்திருந்தாலும் தேதி தேதிதான் என்பதால், புகார் அனுப்பிய அன்றிலிருந்து அந்தப் பெட்டியையும் சேர்த்துப் பார்த்துவருவது நல்லது.